நெட் ஸ்லீவ் சேர்த்த பிறகும் கை அதே கையாக இருக்க வேண்டும்

கேள்வி: அண்ணே, திருமங்கலத்தில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். நிச்சயதார்த்தத்துக்குப் பொண்ணோட ப்ளவுஸில் நெட் ஸ்லீவ் தைத்து வர நேரமாகிவிட்டது, ஸ்லீவ்லெஸ்ஸாகவே போட்டுக்கொண்டாள். இப்போது ஆல்பத்தில் அந்த லேஸ் ஸ்லீவைச் சேர்த்துத் தரச் சொல்லிக் கேட்கிறாள். இணையத்தில் கிடைத்த லேஸ் படத்தை மேலே வைத்து Opacity குறைத்தேன். கை சாம்பல் பூசின மாதிரி வெளுத்துப்போகிறது. ஸ்கின் கலர் மாறாமல், டிசைன் மட்டும் தெரிகிற மாதிரி எப்படிச் செய்வது? போட்டோஷாப்தான் பயன்படுத்துகிறேன்.

பதில்:

தம்பி, முதலில் அந்தப் பெண்ணிடம் கேட்டு, தைக்காமல் மிச்சமிருக்கிற அந்த லேஸ் துணியையே வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு சாண் இருந்தால் போதும். டெய்லரிடம் வெட்டுத் துண்டு கிடந்தாலும் சரி. இணையத்தில் எடுத்த லேஸ் படத்தில் துளையின் அளவு, பூவின் அளவு, நூலின் கனம் எதுவுமே நமக்குத் தெரியாது. நிஜத் துணி கையில் இருந்தால் எல்லாவற்றையும் ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம். அவளும் ஆல்பத்தைப் பார்த்ததும் தன்னுடைய லேஸை அடையாளம் கண்டுகொள்வாள். துணியே கிடைக்கவில்லை என்றால், மதுரை விளக்குத்தூண் பக்கம் லேஸ் கடைகளில் அதே ரகத்தில் கால் மீட்டர் வாங்கிவிடுங்கள்.

கை ஏன் வெளுக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நெட் துணியில் இரண்டே விஷயம்தான் இருக்கிறது, நூலும் துளையும். நூல் இருக்கிற இடத்தில் தோல் தெரியாது. துளை இருக்கிற இடத்தில் துணியே கிடையாது. பாதி நூல், பாதி தோல் என்று கலந்து நிற்கிற இடம் நிஜத் துணியில் எங்கும் இல்லை. Opacity-யை 50 ஆக்கும்போது நீங்கள் அந்த இல்லாத விஷயத்தைத்தான் உண்டாக்குகிறீர்கள். நூல் பாதி மறைகிறது, துளையிலும் பாதி வெள்ளை வந்து உட்காருகிறது. எண்ணில் பார்ப்போம். பெண்ணின் மேல்கையில் வெளிச்சம் படுகிற இடத்தில் R 141, G 96, B 72 என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் அடிக்கடி பார்க்கிற மாநிறம். லேஸ் சந்தன நிறம், R 232, G 214, B 184. இரண்டையும் பாதிப் பாதியாகக் கலந்தால் 187, 155, 128 வருகிறது. அது வேறு ஒருத்தியின் கை. தோலில் சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையே இரண்டு மடங்கு வித்தியாசம் இருந்தது, இப்போது ஒன்றரை மடங்கு கூட இல்லை. சாம்பல் பூசின மாதிரி தெரிவது அதனால்தான்.

ஆகவே லேயரின் Opacity எப்போதும் 100-லேயே இருக்கட்டும். எங்கே நூலோ அங்கே முழுசாக நிறம், எங்கே துளையோ அங்கே ஒன்றுமே இல்லை என்று லேஸ் படத்தை முதலில் பிரித்தெடுக்க வேண்டும். தோல் லேயரைத் தொடவே கூடாது, அதைப் பூட்டி வைத்துவிடுங்கள்.

லேஸைப் படம் எடுக்கிற விதத்தில்தான் இந்தப் பிரிப்பு சுலபமாகவோ கஷ்டமாகவோ ஆகிறது. வெளிர் நிற லேஸ் என்றால் அடியில் கறுப்பு வெல்வெட் துணியை விரியுங்கள். கறுப்பு சார்ட் பேப்பர் போதும் என்று தோன்றும், ஆனால் அது ஜன்னல் வெளிச்சத்தில் பளபளத்துச் சாம்பலாகத்தான் விழும். லேஸைச் சுருக்கமில்லாமல் விரித்து, ஓரங்களில் குண்டூசி குத்தி, நேர் மேலே இருந்து எடுங்கள். நேரடி வெயில் வேண்டாம், காலை நேரத்தில் ஜன்னலோரம் சரியாக இருக்கும். போன் கேமரா என்றால் கவனம். படத்தில் பெரும்பகுதி கறுப்பு என்பதால் போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும். லேஸ் மேல் விரலை வைத்து ஃபோகஸ் செய்துவிட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஸ்கேனர் இருந்தால் அதுதான் மேல். லேஸை வைத்து மேலே அந்த வெல்வெட்டைப் போட்டு மூடி, 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று அளவும் கையோடு வந்துவிடும். கறுப்பு லேஸாக இருந்தால் எல்லாமே தலைகீழ். அடியில் வெள்ளை வைத்து எடுத்து, பிறகு Ctrl+I போட்டுத் திருப்பிக்கொள்ளலாம்.

இப்போது லேஸ் ஃபைலைத் திறந்து Levels-க்குப் போங்கள். இடது பக்கக் கறுப்பு முள்ளை வெல்வெட் முழுக்கச் சுத்தமான 0 ஆகிறவரை நகர்த்துங்கள். வலது பக்க வெள்ளை முள்ளை நூலின் நடுப்பகுதி 255-ஐத் தொடுகிறவரை இழுங்கள். இதில் அவசரப்படாதீர்கள். வெல்வெட் 0 ஆகாமல் 15, 20 என்று மிச்சம் நின்றால் அந்த மிச்சம்தான் கடைசியில் துளைக்குள் மெல்லிய திரையாக வந்து தோலை மாற்றும். Info பேனலை வைத்துக்கொண்டு பத்துத் துளைகளிலாவது சுட்டியை வைத்துப் பாருங்கள், எல்லாம் 0 காட்ட வேண்டும்.

அதற்கப்புறம் Channels பேனலில் RGB-யின் சின்னப் படத்தின் மேல் Ctrl-ஐ அழுத்திக்கொண்டு கிளிக் செய்யுங்கள். படத்தின் வெளிச்சம் அப்படியே தேர்வாக மாறும். வெள்ளையான இடம் முழுசாகத் தேர்வாகும், கறுப்பு தேர்வாகாது, இடைப்பட்டது அந்தந்த அளவுக்குத் தேர்வாகும். ஓடுகிற புள்ளிக்கோடு பாதிக்கு மேல் தேர்வான இடத்தை மட்டும்தான் காட்டும். மெல்லிய நூலெல்லாம் விடுபட்டதோ என்று பயப்பட வேண்டாம், உள்ளே இருக்கும். இப்போது புதிய காலி லேயர் ஒன்று போட்டு, லேஸின் சந்தன நிறத்தை அதில் நிரப்புங்கள். தேர்வை நீக்கிவிட்டு அடி லேயரை மறைத்தால், நூல் மட்டும் நிற்கிற லேஸ் கையில் கிடைக்கும். லேஸின் நிஜப் படத்தையே மாஸ்க் போட்டு வைத்தால் என்ன என்று கேட்பார்கள். வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு நூலின் ஓரத்திலும் வெல்வெட்டின் கறுப்பு ஒட்டிக்கொண்டு வரும், மாநிறக் கையின் மேல் அது அழுக்காகத் தெரியும். தனி நிறத்தை நிரப்புவதுதான் சுத்தம். பூவின் மேடு பள்ளம் வேண்டுமென்றால், நிஜப் படத்தை அந்த நூல் லேயருக்குள் கிளிப் செய்து Soft Light-இல் 40 அளவுக்கு வையுங்கள்.

பலர் இந்த வேலையெல்லாம் இல்லாமல் Screen அல்லது Multiply போட்டு முடித்துவிடுவார்கள். வெள்ளை லேஸுக்கு Screen-ம் கறுப்பு லேஸுக்கு Multiply-ம் ஓரளவு வேலை செய்யும். அரக்கு, பச்சை, சந்தனம் என்று நிறம் வந்துவிட்டால் ஒத்துவராது. அரக்கு நூலை மாநிறத் தோலின் மேல் Multiply போட்டால் நூல் தோலோடு பெருக்கப்பட்டுக் காய்ந்த ரத்த நிறத்துக்குப் போய்விடும். நூல் தோலை மறைக்கத்தான் வேண்டும், அதோடு கலக்கக்கூடாது.

சரி, அளவு. இதில்தான் அதிகம் பேர் தப்பு செய்கிறார்கள், அதனால் ஒரு கணக்கை முழுசாகப் போட்டுக் காட்டுகிறேன். பெண்ணிடம் ப்ளவுஸ் அளவைக் கேளுங்கள், டெய்லரின் சிட்டையிலேயே கைச்சுற்று எழுதியிருக்கும். 11 அங்குலம் என்று வையுங்கள். சுற்றளவு 11 என்றால் எதிரே இருந்து பார்க்கிற அகலம் 11-ஐ 3.14-ஆல் வகுத்தது, அதாவது மூன்றரை அங்குலம். உங்கள் போட்டோவில் மேல்கையின் அகலத்தை Ruler கருவியால் அளக்கிறீர்கள், 420 பிக்சல் வருகிறது. ஆக இந்தப் போட்டோவில் ஒரு அங்குலம் 120 பிக்சல். லேஸ் ஸ்கேனில் ஒரு அங்குலம் 300. எனவே லேஸை 40 சதவீதத்துக்குச் சுருக்க வேண்டும். ஒன்றரை அங்குலப் பூ 180 பிக்சலில் வந்து உட்காரும். இந்தக் கணக்கைப் போடாமல் கண்ணளவில் வைத்தால் பூ எப்போதும் பெரிதாகத்தான் போகும், ஏனென்றால் திரையில் டிசைன் நன்றாகத் தெரிய வேண்டும் என்று மனசு இழுக்கும். பூ பெரிதானால் கை சின்னதாகத் தெரியும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஏதோ ஒட்டவில்லை என்பார்.

அடுத்தது உருட்டு. கை உருளை, லேஸ் தட்டை. எதிரே தெரிகிற பாதிச் சுற்றில் ஐந்தரை அங்குலத் துணி இருக்கிறது, அது மூன்றரை அங்குல அகலத்துக்குள் அடங்குகிறது. நடுவில் பூ முழு அகலத்தோடு நிற்கும், ஓரத்துக்குப் போகப் போக ஒடுங்கும். அதனால் 40 சதவீதம் சுருக்கிய லேஸில் 660 பிக்சல் அகலத்துக்கு ஒரு துண்டை அதன் சொந்த ஃபைலிலேயே வெட்டிக்கொள்ளுங்கள். Filter மெனுவில் Distort-க்குள் இருக்கிற Spherize-ஐ எடுத்து, Mode என்ற இடத்தில் Horizontal only வைத்து 100 கொடுங்கள். நடுப்பகுதி அகலும், ஓரம் நெருங்கும். பிறகு அகலத்தை மட்டும் 420-க்கு மேல் கொஞ்சம் விட்டுக் குறைத்தால் நடுப்பூ தன் நிஜ அகலத்துக்குத் திரும்பிவிடும், ஓரம் மட்டும் ஒடுங்கி நிற்கும். இதை Smart Object ஆக்கிப் போட்டோவுக்குள் கொண்டுவந்து, Warp-இல் கையின் சாய்வுக்கு வளைத்துக்கொள்ளுங்கள்.

முழங்கையில் ஒரே துண்டை வளைக்காதீர்கள். மேல்கைக்கு ஒன்று, முன்கைக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரியுங்கள். முழங்கை மடிப்பில் நிஜத் துணியும் சுருங்கிக் கசங்கித்தான் கிடக்கும், அங்கே இரண்டும் சேர்கிற இடத்தை மறைப்பது கஷ்டமில்லை. ஒரே துண்டை வளைத்தால் வெளிமுழங்கையில் பூ இழுபட்டு நீளும், அதை மறைக்க வழியே இல்லை.

இனி ஓரத்தைப் பற்றி. என் கணக்கில் போட்டோவில் நெட் நெட்டாகத் தெரிவதும் தெரியாமல் போவதும் இந்த ஓரத்தில்தான் தீர்மானமாகிறது. ஜன்னல் கொசுவலையை நேரே நின்று பார்த்தால் வெளியே தெரியும், சாய்வாக நின்று பார்த்தால் அதே வலை அடர்த்தியாகத் திரையாகிவிடும். கையிலும் அதே கதை. நடுவில் நெட்டை நேராகப் பார்க்கிறோம், கையின் விளிம்பில் சாய்வாகப் பார்க்கிறோம். கை 60 டிகிரி திரும்பிய இடத்தில் நூல் மறைக்கிற அளவு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். அந்த இடம் விளிம்பிலிருந்து அகலத்தில் சுமார் ஆறே முக்கால் சதவீதம் உள்ளே இருக்கிறது, உங்கள் 420 பிக்சலில் 28 பிக்சல். அதாவது இரண்டு பக்கமும் ஒரு மெல்லிய பட்டையில் மட்டும் நெட் அடர்ந்து, கடைசி நான்கைந்து பிக்சலில் கிட்டத்தட்டத் துணி நிறமே ஆகிவிட வேண்டும். Spherize ஓரளவு இதைத் தரும். போதாததை, லேஸ் நிறத்திலேயே ஒரு மென்மையான தூரிகையால், தனி லேயரில், விளிம்பையொட்டி மெல்ல இழுங்கள். இந்த அடர்த்தி இருந்தால்தான் நடுவில் தோல் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் கண் அதைத் துணிக்குள் இருக்கிற கை என்று ஏற்றுக்கொள்ளும். இல்லாவிட்டால் கையில் டிசைன் பச்சை குத்தின மாதிரிதான் இருக்கும்.

துணி கையின் கோட்டோடு முடியவும் கூடாது. எவ்வளவு இறுக்கமாகத் தைத்தாலும் நெட் தோலை விட்டுக் கொஞ்சம் விலகி நிற்கும். கையின் விளிம்புக்கு வெளியே மூன்று நான்கு பிக்சல் போகவிடுங்கள். 420-க்கு மேல் கொஞ்சம் விடச் சொன்னது இதற்காகத்தான். அந்த இடத்தில் நூலுக்கிடையே பின்னணிதான் தெரிய வேண்டும், தோல் தெரியக்கூடாது. மடக்கிய முழங்கையின் கீழ்ப்புறத்தில் இந்த இடைவெளி இன்னும் கூடுதலாக இருக்கும்.

இவ்வளவும் ஆன பிறகு லேஸ் இன்னும் ஒரே வெளிச்சத்தில் தட்டையாக இருக்கும். கையின் ஒளி நிழலை நூலுக்கும் கொடுக்க வேண்டும். கையின் நகல் ஒன்றை எடுத்து, நிறத்தை நீக்கி, 8 பிக்சல் Gaussian Blur கொடுத்து, லேஸ் லேயருக்கு மேல் வைத்துக் கிளிப் செய்து Multiply போடுங்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மாநிறக் கையின் நகல் இயல்பாகவே இருட்டாக இருக்கும், அப்படியே பெருக்கினால் சந்தன லேஸ் அழுக்கேறிவிடும். முதலில் அந்த நகலில் Levels போட்டு, வெளிச்சம் படுகிற இடம் 250-க்குப் பக்கத்தில் வருகிறவரை உயர்த்துங்கள். நமக்கு வேண்டியது கையின் உருண்டை மட்டும்தான். தோலின் நிறம் நூலுக்கு வரக்கூடாது, நூலின் நிறமும் தோலுக்குப் போகக்கூடாது.

நூலின் நிழல் தோலில் விழுவதையும் விடாதீர்கள். லேஸ் லேயரின் நகலைக் கீழே போட்டு, கறுப்பில்லாமல் அவளுடைய அக்குள் பக்க நிழலில் இருக்கிற கரும்பழுப்பை எடுத்து நிரப்பி, Multiply, Opacity 25, வெளிச்சம் வருகிற திசைக்கு எதிராக 2 பிக்சல் நகர்த்தி, 1 பிக்சல் மங்கலாக்குங்கள். Opacity குறைக்காதே என்று சொன்னது நூலுக்கு. நிழல் இயல்பிலேயே பாதிதான், அதற்கு இது பொருந்தும். பூ தடிமனாக இருக்கிற இடத்தில் இந்த நிழல்தான் பூவைத் தோலிலிருந்து தூக்கி நிறுத்தும். கறுப்பில் நிழல் போட்டால் கை முழுக்க இருட்டிவிடும், அதனால்தான் அவளுடைய நிழல் நிறமே வேண்டும் என்கிறேன்.

இப்போது தோல் நிஜமாகவே மாறவில்லையா என்று சோதிக்க வேண்டும். வேலை தொடங்குவதற்கு முன்பே Color Sampler கருவியால் மேல்கையில் மூன்று இடத்தில் குறி வைத்து எண்களை ஒரு தாளில் எழுதிவைத்திருங்கள். வேலை முடிந்ததும் Sample Size என்ற இடத்தில் Point Sample வைத்துத் துளைக்குள் பாருங்கள். நிழல் லேயரை அணைத்துவிட்டுப் பார்த்தால் அதே 141, 96, 72 வர வேண்டும். ஒன்றிரண்டு கூட வித்தியாசம் இருக்கக்கூடாது. இருந்தால் வெல்வெட்டின் மிச்சம் என்று அர்த்தம், Levels-க்குத் திரும்பிப் போங்கள்.

துளைக்குள் எண் மாறாமலேயே, தள்ளி நின்று பார்த்தால் கை கொஞ்சம் வெளுத்துத் தெரியும். இதைக் கஸ்டமரிடம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். லேஸ் ஃபைலில் பூ இல்லாத வெறும் நெட் பகுதியைத் தேர்வு செய்து Histogram பேனலில் Mean எண்ணைப் பாருங்கள். 38 என்று வந்தால், 255-இல் 38 என்பது 15 சதவீதம். அந்த நெட் தோலில் 15 சதவீதத்தை மறைக்கிறது. தள்ளி நின்று பார்க்கிற கண்ணுக்கு 141, 96, 72 என்பது 155, 114, 89 ஆகிவிடும். நிஜ நெட்டும் இதைத்தான் செய்கிறது. அந்தப் பெண் அந்த ப்ளவுஸைப் போட்டு நின்றிருந்தாலும் கேமராவில் அப்படித்தான் விழுந்திருக்கும். துணி வெளிர், கை மாநிறம் என்னும்போது இந்தத் திரை இன்னும் பளிச்சென்று தெரியும்.

இதில் எனக்கு ஒரு பழைய வருத்தம் உண்டு. பல வருஷத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு ஸ்டுடியோவில் இதே மாதிரி ஒரு கல்யாண ஆல்பம். நெட் ஸ்லீவ் போட்டோம், கை வெளுத்தது. கைக்குப் பொருந்தட்டும் என்று முகத்தையும் வெளுக்கச் சொன்னார்கள், செய்துவிட்டேன். ஆல்பம் வாங்க வந்த பெண்ணின் அம்மா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது எம் புள்ள மாதிரியே இல்லையேப்பா" என்று மட்டும் சொன்னார். சண்டை போடவில்லை. அந்த ஆல்பத்தை மறுபடியும் செய்துகொடுத்தோம். அன்றிலிருந்து முகத்தையும் ஸ்லீவுக்கு வெளியே தெரிகிற உள்ளங்கை, மணிக்கட்டையும் நான் தொடுவதே இல்லை. பார்ப்பவர்கள் கையின் நிறத்தை மணிக்கட்டோடும் முகத்தோடும் ஒப்பிட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். அவை இரண்டும் அப்படியே நின்றால் நடுவில் இருக்கிற 15 சதவீதத் திரை துணியாகத் தெரியும். அவற்றையும் மாற்றினால் ஆளே மாறிப்போவாள்.

அந்தத் திரையும் வேண்டாம், பூ மட்டும் கையில் மிதக்கிற மாதிரி இருக்கட்டும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். டெய்லர்கள் இதற்கு ஸ்கின் கலர் நெட் வைப்பார்கள். கடையில் அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் வெளிர் கோதுமை நிறம், நம் ஊர்க் கைகள் பலவற்றுக்கு அது பொருந்துவதில்லை. போட்டோவில் நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நெட் நூலையும் பூவையும் இரண்டு லேயராகப் பிரித்து, நெட்டுக்கு மட்டும் அவளுடைய தோலிலிருந்தே எடுத்த நிறத்தை ஒரு படி இருட்டாக்கிக் கொடுங்கள். திரை தோலோடு கரைந்துவிடும், பூ சந்தன நிறத்தில் தனியாக நிற்கும்.

ஆல்பத்தில் எல்லாப் படமும் ஒரே தூரத்தில் இருக்காது. அருகில் எடுத்த படத்தில் அங்குலத்துக்கு 120 பிக்சல் என்றால் 2 மில்லிமீட்டர் துளை ஒன்பது பிக்சல் வருகிறது, கண்ணுக்குத் தெரிகிற வலை. குடும்பத்தோடு நிற்கிற படத்தில் கையின் அகலமே 100 பிக்சல்தான் என்றால் அதே துளை இரண்டு பிக்சல். அங்கே வலையை வைத்துச் சுருக்கினால் துணியில் இல்லாத அலை அலையான கோடுகள் கிளம்பும், அச்சில் இன்னும் மோசமாகும். அந்தப் படங்களில் வலையை விட்டுவிடுங்கள். பூவை மட்டும் வைத்து, நெட்டுக்குப் பதில் லேஸ் நிறத்தில் 15 சதவீதத் தட்டைத் திரை போட்டு, ஓரத்தில் மட்டும் அடர்த்தி கொடுங்கள். இந்த ஒரு இடத்தில் Opacity 15 சரிதான், ஏனென்றால் கேமராவே அந்தத் தூரத்தில் நூலையும் துளையையும் கலந்துதான் பார்த்திருக்கும்.

மேலே எது கீழே எது என்பதையும் யோசித்து மாஸ்க் போடுங்கள். மேல்கையில் போடுகிற வங்கி நகை ஸ்லீவுக்கு மேல்தான் வரும், ஆகவே வங்கி இருக்கிற இடத்தில் லேஸை அழித்து, வங்கியின் கீழ் ஓரத்தில் துணி கொஞ்சம் பிதுங்கின மாதிரி ஒரு சின்ன நிழல் கொடுங்கள். முந்தானை, தோளில் தொங்குகிற மல்லிகைச் சரம், முடி எல்லாம் ஸ்லீவுக்கு மேலே. முழங்கை வரை மருதாணி போட்டிருந்தால் அந்த டிசைனும் லேஸ் டிசைனும் மோதிக்கொண்டு இரண்டுமே தெரியாமல் போகும். அந்தப் பெண்ணிடம் கேட்டு, ஸ்லீவை முழங்கைக்கு மேலேயே முடித்துவிடலாம். ப்ளவுஸோடு சேர்கிற தோள் வளைவில் லேஸ் இரண்டு பிக்சல் ப்ளவுஸுக்கு அடியில் போய், அந்த இடத்தில் ஒரு மெல்லிய தையல் நிழல் இருக்க வேண்டும்.

உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், அவள் ஸ்லீவ்லெஸ்ஸாக இருந்ததால் முழுக் கையும் போட்டோவில் இருக்கிறது. ஏற்கெனவே பட்டுத்துணியில் குட்டை ஸ்லீவ் போட்டிருந்தவர்களுக்கு அந்த ஸ்லீவை எடுத்துவிட்டு நெட் வைக்கச் சொன்னால், அடியில் இருக்கிற தோல் படத்திலேயே கிடையாது. அதை வரைந்துதான் நிரப்ப வேண்டும், அப்போது தோல் மாறவில்லை என்று நம்மால் சொல்ல முடியாது. அப்படிப்பட்டவர்களுக்குப் பட்டு முடிகிற இடத்திலிருந்து கீழே மட்டும் நெட்டைத் தொடரச் செய்கிறேன் என்று சொல்லிவிடுவேன்.

ஆல்பம் முழுக்கச் செய்வதற்கு முன் ஒரு அருகாமைப் படம், ஒரு தூரப் படம் என இரண்டை மட்டும் முடித்து, லேபில் கொடுத்து ஆல்பத்தில் வரப்போகிற அளவிலேயே துண்டு பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். திரையில் தெரியாத அலைக்கோடு அதில் தெரிந்துவிடும். பெண்ணுக்கு அனுமதிக்காக அனுப்பும்போது வாட்ஸ்ஆப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். போட்டோவாகப் போனால் அது சுருங்கி, வலையெல்லாம் கரைந்து, கை வெளுத்த மாதிரிதான் அவள் போனில் போய்ச் சேரும்.